மறந்துபோன விடையும் மின்னஞ்சல் கணக்கும்

“பிறந்த ஊர் எது?” என்ற பாதுகாப்புக் கேள்விக்குச் சாவகச்சேரி என்று விடை எழுதியிருப்பீர்கள். ஆனால் அன்று ஆங்கில எழுத்தில் தட்டியது Chavakachcheri என்றா, Chavakacheri என்றா? ஓரெழுத்துக் குறைந்தாலும் கணினிக்கு அது வேறு ஊர்தான். நம்மவருக்கு மட்டுமல்ல இத்தொல்லை. கூகிள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பாவனையாளரில் 40 வீதமானோருக்குத் தேவையான வேளையில் விடை நினைவுக்கு வரவில்லை.

கூகிள் கணக்கை மீட்க இவ்விடை இல்லாமலே முயலலாம். வழமையாகப் பாவிக்கும் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ, வீட்டிலிருந்தே accounts.google.com/signin/recovery பக்கத்தைத் திறவுங்கள். பழகிய கருவியும் இடமும் நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி. நினைவிலுள்ள கடைசிக் கடவுச்சொல்லைக் கேட்டால், ஐயமிருந்தாலும் ஊகித்து எழுதுங்கள், பிழைத்தாலும் பாதகமில்லை. பின்னர், நீங்கள் முன்பு பதிந்துவைத்த தொலைபேசிக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ ஓர் இலக்கம் அனுப்பப்படும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: நாடு மாறியபோது கைவிட்ட பழைய தொலைபேசி எண்ணே அங்கு பதிவாகியிருக்கும். கணக்கு இன்னும் திறந்திருக்கும்போதே அதை மாற்றிவிடுங்கள்.

சிலவேளை சில மணி நேரமோ சில நாட்களோ காத்திருக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் “பணம் தாருங்கள், மீட்டுத் தருகிறோம்” என்று அழைப்பவர் கூகிள் ஊழியரல்லர். வந்த இலக்கத்தை அவரிடம் சொன்னால் கணக்கு அவருடையதாகிவிடும்.