மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் விளிம்பு அறைகளும்

சுடோக்குப் புதிர்களில் 'லிட்டில் கில்லர்' என்பது ஒரு வகை. இதில் கட்டத்திற்கு வெளியே ஓர் எண்ணும், சாய்வான ஓர் அம்புக்குறியும் தரப்படும். அம்பு காட்டும் மூலைவிட்டத்தில் அமைந்த இலக்கங்களின் கூட்டுத்தொகையே அவ்வெண். ஒரே மூலைவிட்டத்தில் ஓர் இலக்கம் மீண்டும் வரலாம். நிரை, நிரல், ஒன்பது அறைப் பெட்டி ஆகியவற்றின் விதி மட்டுமே அதனைத் தடுக்கும்.

இடப்புற மேல் மூலையை அடுத்த நான்கு அறை மூலைவிட்டத்தை எடுத்துக்கொள்க. முதல் நிரையின் நான்காம் அறை அ. இரண்டாம் நிரையின் மூன்றாம் அறை ஆ. மூன்றாம் நிரையின் இரண்டாம் அறை இ. நான்காம் நிரையின் முதல் அறை ஈ. இவற்றுள் ஆ, இ ஆகிய இரண்டும் ஒரே பெட்டிக்குள் உள்ளமையால் வேறுபட்டே தீரவேண்டும். விளிம்பிலுள்ள அ, ஈ இரண்டிற்கும் இத்தடை இல்லை. ஆகவே மிகக் குறைந்த கூட்டுத்தொகை 1+1+2+1, அதாவது 5. மிகப் பெரியது 9+9+8+9, அதாவது 35.

விளிம்பு அறை ஒன்றை நீக்கினால், எஞ்சிய மூன்றின் கூட்டுத்தொகை 4க்குக் குறையாது, 26ஐ மிஞ்சாது. எனவே அ என்னும் அறையின் இலக்கம், மொத்தத்திலிருந்து 4ஐக் கழித்தால் வருவதை மிஞ்சலாகாது. 26ஐக் கழித்தால் வருவதற்குக் குறையலாகாது. மொத்தம் 13 முதல் 27 வரை இருப்பின் இவ்விதியால் பயனில்லை. 12 அல்லது அதற்குக் கீழும், 28 அல்லது அதற்கு மேலும் இருக்கும்பொழுதே விளிம்பு கட்டுப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு வருமாறு: இம்மூலைவிட்டத்தின் மொத்தம் 33 என்க. அப்பொழுது அ 7க்குக் குறையாது. அதே அ அறையிலிருந்து வலப்புறம் கீழ்நோக்கிச் செல்லும் ஆறு அறைகளின் மொத்தம் 16 என்க. இவ்வாறில் முதல் மூன்று ஒரு பெட்டியிலும், கடைசி மூன்று வேறொரு பெட்டியிலும் அமைகின்றன. அ நீங்கலாக உள்ள ஐந்தும் குறைந்தது 1+2+1+2+3, அதாவது 9 பெறும். ஆதலின் அ 7ஐ மிஞ்சாது. இரு வரம்புகளும் சேர, அ 7 என உறுதியாகிறது. அதன் பின் ஆ, இ, ஈ மூன்றும் சேர்ந்து 26 ஆக வேண்டும். ஈ 9 ஆகும். ஆ, இ இரண்டும் 8, 9 ஆகும். அவற்றுள் எது எங்கே என்பதைப் பிற நிரை நிரல்களே தீர்மானிக்கும்.

இங்கு மாணவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. நான்கு இலக்கங்களும் வேறுபட வேண்டுமெனக் கருதினால், பேரளவு 9+8+7+6, அதாவது 30 என்றே தோன்றும். 33 என்ற குறிப்பு தவறானதென முடிவுசெய்துவிடுவர். குறிப்பு இயலாததெனத் தோன்றுமிடத்து, எந்தெந்த அறைகள் ஒரே பெட்டியில் உள்ளன என்பதை முதலில் சரிபார்த்தல் வேண்டும்.