இருபது வயதில் எதில் போடுவது: ஆர்.டி., பி.பி.எஃப்., இண்டெக்ஸ் ஃபண்ட்

பத்தாயிரம் ரூபாயை ஆண்டுக்கு 7.1 சதவீத வட்டியில் போட்டுவிட்டுத் தொடாமல் விட்டால் முதல் ஆண்டில் 710 ரூபாய் வட்டி வரும். அந்த வட்டியும் அசலோடு சேர்ந்துவிடுவதால் இரண்டாம் ஆண்டு வட்டி 760 ரூபாய். ஐம்பது ரூபாய் கூடியது பெரிதாகத் தெரியாது. முப்பதாம் ஆண்டில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 5,190 ரூபாய் வட்டி சேர்கிறது. அதே பணத்துக்குத் தனிவட்டி என்றால் முப்பதாம் ஆண்டிலும் 710தான். கூட்டு வட்டியின் பலன் பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில்தான் குவிகிறது. பத்து ஆண்டு தாமதமாகத் தொடங்குகிறவர் இழப்பது முதல் பத்து ஆண்டுகளின் சிறிய வட்டியை அல்ல. வரிசையின் கடைசியில் நிற்கும் பத்து ஆண்டுகளின் பெரிய வட்டியை.

இதை விளக்கக் கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. முதலாமவர் 21 வயது முதல் 30 வயது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம், சேமித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். சேர்ந்ததை 60 வயது வரை தொடுவதில்லை. இரண்டாமவர் 31 வயதில் தொடங்கி 60 வரை, முப்பது ஆண்டுகள், அதே தொகையைப் போடுகிறார். முதலாமவர் போட்டது 1.2 லட்சம், இரண்டாமவர் போட்டது 3.6 லட்சம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் 60 வயதில் முதலாமவரிடம் சுமார் 46 லட்சமும் இரண்டாமவரிடம் சுமார் 24 லட்சமும் இருக்கும்.

கணக்கு சரிதான். ஆனால் அதில் சொல்லாமல் விடப்படும் ஒன்று, வளர்ச்சி விகிதம். அதே இருவரும் 3 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் முதலாமவரிடம் 3.34 லட்சமும் இரண்டாமவரிடம் 5.71 லட்சமும் இருக்கும். முந்தித் தொடங்கியவர் தோற்றுப்போகிறார். இருவரும் சமமாவது ஏறத்தாழ 6.3 சதவீதத்தில். ஆண்டுதோறும் கையில் நிற்கும் வளர்ச்சி அதற்குக் கீழே இருந்தால், முதல் பத்து ஆண்டுகள் போட்டுவிட்டு நிறுத்தியவரை முப்பது ஆண்டுகள் போட்டவர் முந்துவார். மேலே போனால் முதலாமவர் முந்துவார். ஆகவே எப்போது தொடங்குவது என்ற கேள்வியும் எதில் தொடங்குவது என்ற கேள்வியும் பிரிக்க முடியாதவை. மாணவர் ஒருவருக்கு எளிதில் எட்டும் மூன்று வழிகளை இந்த 6.3 என்ற கோட்டருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, அஞ்சலக ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்பு. மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம். ஐந்து ஆண்டுகளில் முதிர்வடையும். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். 6.7 சதவீத வட்டியில் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் ஐந்தாண்டு முடிவில் 60,000 ரூபாய் 71,366 ரூபாயாகத் திரும்பும். அரசின் பொறுப்பு என்பதால் அசலுக்குப் பயமில்லை. எவ்வளவு வரும் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

நீண்ட காலத்துக்கு இது பொருந்தாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வட்டி வருமான வரிக்கு உட்பட்டது. வருமானமில்லாத மாணவருக்கு அது சுமையில்லை. வேலைக்குப் போய் 20 சதவீத வரி வரம்பில் வந்துவிட்டால் 6.7 சதவீதத்தில் கையில் நிற்பது சுமார் 5.4 மட்டுமே. கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மற்றொன்று அதைவிடப் பெரியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பணம் கைக்கு வருகிறது. வந்த பணம் வண்டிக்கோ கைப்பேசிக்கோ போய்விடுவதே வழக்கம். ஒவ்வொரு முறையும் கூட்டு வட்டி முதல் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்குகிறது. இருபது ஆண்டுகளில் நான்கு ஆர்.டி. முடித்து நான்கையும் செலவழித்தவர் ஒழுங்காகச் சேமித்தவர்தான்; ஆனால் ஐந்து ஆண்டுக் கூட்டு வட்டியைத் தாண்டியதேயில்லை.

இரண்டாவது, பொது வருங்கால வைப்பு நிதி. வங்கியிலும் அஞ்சலகத்திலும் பி.பி.எஃப். என்று கேட்டாலே புரியும். 1968 முதல் நடைமுறையில் உள்ள திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். ஒருவர் பெயரில் ஒரு கணக்குதான். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம்; அதற்கு வரி கிடையாது. ஆகவே 7.1 என்பது கையில் நிற்கும் 7.1. மேலே சொன்ன கணக்கில் இந்த விகிதத்தைப் பொருத்தினால் முதலாமவருக்கு சுமார் 13 லட்சமும் இரண்டாமவருக்கு சுமார் 11.5 லட்சமும் வரும். முந்தித் தொடங்கியவர் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டும் சற்றே முன்னால் நிற்கிறார்.

பதினைந்து ஆண்டுப் பூட்டு பலரைத் தயங்க வைக்கிறது. ஏழாம் நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம் என்றாலும், இளம் வயதில் அந்தப் பூட்டே இதன் பலம், ஆர்.டி. நடுவில் உடைவதுபோல இது உடைவதில்லை. 21 வயதில் தொடங்கினால் 36, 37 வயதில் முதிர்வடையும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம். புதிதாகப் பணம் போடாமலும் நீட்டிக்கலாம், இருக்கும் தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பத்து ஆண்டு போட்டுவிட்டு நிறுத்த நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பதினைந்து ஆண்டுகள் முடியும் வரை ஆண்டுக்கு 500 ரூபாயாவது கட்டாவிட்டால் கணக்கு செயலிழந்துவிடும். உயிர்ப்பிக்க நிலுவையோடு அபராதமும் கட்ட வேண்டும். தேதியும் முக்கியம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. 6ஆம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி இல்லை. கணக்கில் ஏறும் வட்டி மார்ச் 31 அன்று ஒருமுறை சேர்க்கப்படும்.

இந்த 7.1 என்றைக்கும் நிலைக்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு. 1990களில் இதே திட்டம் 12 சதவீதம் தந்தது. 2000இல் குறையத் தொடங்கியது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கிறது. 6.3க்குக் கீழே இறங்கினால் மேலே கண்ட வெற்றி தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, இண்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஐம்பது நிறுவனங்களின் பங்குகளை, பட்டியலில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட் இது. எந்தப் பங்கு ஏறும் என்று யாரும் ஊகிப்பதில்லை. அதனால் கட்டணமும் குறைவு. மாதம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி.யில் தொடங்கலாம். பதினெட்டு வயது, பான் அட்டை, வங்கிக் கணக்கு, கே.ஒய்.சி. ஆகியவை போதும். இங்கே வட்டி என்று எதுவும் இல்லை. நிறுவனங்கள் ஈட்டிய லாபம் மறுபடி தொழிலில் போடப்படுவதும் பங்கு விலை ஏறுவதுமே கூட்டு வளர்ச்சியாகிறது. மேலே எடுத்துக்கொண்ட 11 சதவீதம் கணக்குக்கான அனுமானம். யாரும் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காகவும் வராது. 2008 ஜனவரியில் 6,287 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 2,524இல் முடிந்தது. ஒரு லட்சம் நாற்பதாயிரமாகத் தெரிந்த நாள் அது. 2010 நவம்பரில் பழைய உச்சத்தைச் சிறிது தொட்டாலும், அதை நிலையாகத் தாண்ட உச்சத்திலிருந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளும் மாதந்தோறும் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டே இருந்தவருக்கு வீழ்ச்சி உதவியாக அமைந்தது. பயந்து விற்றவருக்கோ எஸ்.ஐ.பி.யை நிறுத்தியவருக்கோ வளர்ச்சி அங்கேயே அறுந்தது. மூன்று ஆண்டில் முதுகலைக் கட்டணத்துக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடக்கூடாது என்பதற்கு அந்த ஆறு ஆண்டுகளே போதுமான காரணம்.

வீழ்ச்சியைப் போலக் கண்ணில் படாமல் வளர்ச்சியை அரிப்பது கட்டணம். ஒரே ஃபண்ட் டைரக்ட், ரெகுலர் என இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. ரெகுலரில் விநியோகிப்பவரின் தரகு ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்தே கழிகிறது. 2013 முதல் டைரக்ட் திட்டம் எல்லா ஃபண்டுகளிலும் உண்டு. கட்டண வேறுபாடு ஒரு சதவீதம் என்று கொண்டால் 11 சதவீத வளர்ச்சி 10 ஆகும். முதலாமவரின் 46 லட்சம் 33 லட்சமாகச் சுருங்கும். இண்டெக்ஸ் ஃபண்டுகளில் வேறுபாடு பொதுவாக இதைவிடக் குறைவு என்றாலும், வாங்கும்போது திட்டத்தின் பெயரில் "டைரக்ட்", "குரோத்" என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். "குரோத்" இல்லையென்றால் லாபம் உள்ளேயே மறுபடி வளராமல் ஈவுத்தொகையாக வெளியே வந்துவிடக்கூடும். ஓராண்டுக்கு மேல் வைத்து விற்கும்போது, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீத வரி. இது 2024 ஜூலையில் வந்த விகிதம்.

எந்த வழியானாலும் ரூபாயின் மதிப்பு குறைவதைக் கழித்தே பார்க்க வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் நாற்பது ஆண்டில் ஏழு மடங்காகும். அந்தக் கணக்கில் பி.பி.எஃப். தரும் 13 லட்சம் இன்றைய மதிப்பில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இண்டெக்ஸ் ஃபண்டின் 46 லட்சம் ஆறரை லட்சத்துக்கு அருகே. மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் கோடீஸ்வரராகலாம் என்று காட்டும் விளம்பரங்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

கூட்டு வட்டி எதிர்த்திசையிலும் ஓடும். கல்விக் கடனில் படிக்கும் காலத்துக்குப் பெரும்பாலும் தனிவட்டிதான். படிப்பு முடிந்து தவணை தொடங்கும்போது சேர்ந்த வட்டி முழுவதும் அசலாகிவிடுகிறது. அதன்பின் வட்டிக்கும் வட்டி. கடன் வட்டி 10 சதவீதமாக இருக்கும்போது 7.1க்குச் சேமிப்பதில் பொருளில்லை. படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டிவந்தால் அது 10 சதவீத உறுதியான வரவுக்குச் சமம். கிரெடிட் கார்டு நிலுவை இதைவிடக் கடுமையானது. மாதம் 3.5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 42 போலத் தோன்றும்; கூட்டிப் பார்த்தால் 51 சதவீதம். எந்த ஃபண்டும் அதை ஈடுகட்டாது.

ஆகவே தேர்வு இந்த வரிசையில் அமையும். கார்டு நிலுவையும் கல்விக் கடன் வட்டியும் இருந்தால் முதலில் அவை. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு ஆர்.டி. பதினைந்து ஆண்டுக்கு மேல் தொடாமல் வைக்க முடிகிற பணத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் குரோத் திட்டம். கணக்கில் அறுபது சதவீதம் குறைந்து தெரிந்தாலும் விற்காமல் இருப்போமா என்ற சந்தேகம் உள்ளவர் பாதியைப் பி.பி.எஃப்.பில் போடலாம், முழுவதையும் போட்டாலும் தவறில்லை. இன்னும் முடிவெடுக்க முடியாத மாணவர் 500 ரூபாய் கட்டி பி.பி.எஃப். கணக்கையாவது இந்த நிதியாண்டிலேயே திறந்துவிடுவது நல்லது. பதினைந்து ஆண்டுக் கெடு கணக்கு திறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படுகிறது, எவ்வளவு போட்டோம் என்பதைப் பொறுத்தல்ல.