பட்டுப்புடவை விவரத்தைப் பிழை திருத்துவது எப்படி?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆரணியில் நெய்த புடவையை இன்று கடைக்கு வராமலே, கையால் தொட்டுப் பார்க்காமலே வாங்குகிறார்கள். இணையச் சந்தையில் நாம் எழுதிப் போடும் விவரம்தான் அவர்களுக்குப் புடவை. அந்த விவரத்தில் ஒரு எண் தப்பினால் நெசவாளியின் உழைப்பு திரும்பி வரும் பார்சலாகிவிடும். விற்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் சில நம்பிக்கைகளை ஒரு மாதிரிப் பதிவை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

பதிவு இது. தலைப்பு: "ஆரணி பட்டுப்புடவை காஞ்சிபுரம் பட்டுச்சேலை பியூர் சாஃப்ட் சில்க் சாரி கல்யாணப் பட்டு பார்ட்டி வேர் சில்க் சாரி பெண்களுக்கான புதிய பட்டு பனாரஸ் ஸ்டைல் ஆஃபர்". கீழே விவரங்கள்: நீளம் 6.3 கஜம், அகலம் 48 செ.மீ., ரவிக்கை 80 மீட்டர், எடை 0.65 கிராம், துணி வகை ஆர்ட் சில்க்.

நம்பிக்கை: எழுத்துப்பிழை இல்லையென்றால் பதிவு சரி.

உண்மை: மேலே உள்ள பதிவில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் விவரங்கள் ஐந்தும் தவறு. 48 செ.மீ. என்பது சுமார் 19 அங்குலம். அந்த அகலத்தில் துண்டுதான் கட்டலாம். புடவையின் அகலம் 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ. ரவிக்கை 80 செ.மீ., எடை 650 கிராம். நீளத்தையும் துணி வகையையும் பின்னால் பார்ப்போம். எண்கள் சரியாகவே அடிக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில்தான் கை தவறியிருக்கிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் பழைய பதிவை நகலெடுத்து நிறத்தை மட்டும் மாற்றும்போது வருகிறது. பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும், தவறு தெரியாது. ஆகவே புடவையை விரித்து, டேப்பும் தராசும் வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் திரையில் எண்ணையும் அலகையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்கட்டும். "நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்" என்று காதில் விழுந்த உடனே புடவை தெரிந்த எவருக்கும் உறுத்தும்.

நம்பிக்கை: கஜமும் மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உண்மை: ஒரு கஜம் 0.9144 மீட்டர். ஒரு கஜத்தில் எட்டரை செ.மீ.தான் வித்தியாசம், ஒரு புடவையில் அது அரை மீட்டரைத் தாண்டிவிடும். நம் புடவை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 0.8 மீட்டர், மொத்தம் 6.3 மீட்டர். பதிவில் இருப்பதோ 6.3 கஜம். அதை மீட்டராக்கினால் 5.76. ரவிக்கையைக் கழித்தால் புடவைக்கு ஐந்து மீட்டர்கூடத் தேறாது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் வாங்காமல் போய்விடுவார். புடவையே 6.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டவர், வந்ததை அளந்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

எளிய சோதனை ஒன்று உண்டு. புடவை, ரவிக்கை, மொத்தம் மூன்றையும் தனித்தனியே ஒரே அலகில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சட்டமுறை எடையளவுச் சட்டம் (2009) கேட்பதும் மெட்ரிக் அலகுதான். ஆறு கஜம், ஒன்பது கஜம் என்று சொல்லிக் கேட்பவர்களுக்காக அதை விளக்கத்தில் ஒருமுறை சேர்க்கலாம். நீளத்துக்கான கட்டத்தில் மீட்டர் மட்டுமே இருக்கட்டும்.

அட்டைப்பெட்டியின் அளவிலும் இதே கவனம் வேண்டும். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடைக்கணக்குப் போடுகின்றன. 36, 26, 5 செ.மீ. பெட்டிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக வரும். அதே எண்களை அங்குலம் என்று பதிந்தால் கணக்கு 15 கிலோவைத் தாண்டும்.

நம்பிக்கை: 'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமுள்ள பட்டு, போட்டால் கூடுதல் மதிப்பு.

உண்மை: ஆர்ட் சில்க் செயற்கை இழை. நம் புடவையோ தூய பட்டு. தலைப்பில் 'பியூர் சாஃப்ட் சில்க்', துணிக் கட்டத்தில் 'ஆர்ட் சில்க்' என்று ஒரே பதிவு இரண்டு பேச்சு பேசினால், படிப்பவர் தனக்குச் சாதகமானதை நம்புவார். தகராறு வந்தால் இன்னொன்றைக் காட்டுவார்.

சந்தேகமிருந்தால் முந்தானை ஓரத்தில் தொங்கும் ஓரிரு இழையைப் பிரித்து, பாதுகாப்பாக எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு இழையை இதை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. அதற்குச் சில்க் மார்க் சீட்டும் ஆய்வும்தான் துணை. ஜரிகையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஹாஃப் ஃபைன் என்று வாங்கியிருந்தால் ஹாஃப் ஃபைன் என்றே எழுதுங்கள். வெறும் 'தங்க ஜரிகை' என்பது நிறத்தைக் குறிக்கிறதா உலோகத்தைக் குறிக்கிறதா என்று தெரியாது.

நம்பிக்கை: தலைப்பில் எவ்வளவு சொல் திணிக்கிறோமோ அவ்வளவு தேடலில் வரும்.

உண்மை: நம் தலைப்பில் பட்டு என்பது சில்க்கோடு சேர்த்து ஆறு முறை வருகிறது, புடவை, சேலை, சாரி என்று நான்கு முறை. நிறம் இல்லை, கரை இல்லை, ரவிக்கை உண்டா என்பதும் இல்லை. கைப்பேசியில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வரும் சொற்களே அடைத்துக்கொள்கின்றன. அமேசான் 2025 ஜனவரி 21 முதல் பெரும்பாலான பொருள்களின் தலைப்பை 200 எழுத்துக்குள் நிறுத்தி, ஒரே சொல் இருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று விதித்தது. சேலை, சாரி, முகூர்த்தம் போன்ற மாற்றுச் சொற்களுக்கு வாங்குபவர் கண்ணில் படாத தேடுசொல் கட்டம் தனியே உண்டு. தலைப்பில் உள்ளதை அங்கே மறுபடி எழுதத் தேவையில்லை.

நம்பிக்கை: காஞ்சிபுரம் என்று போட்டால்தான் விற்கும்.

உண்மை: காஞ்சிபுரம் பட்டுக்கும் ஆரணிப் பட்டுக்கும் தனித்தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆரணிப் புடவைக்குக் காஞ்சிபுரம் பெயரை இடுவது வாங்குபவரைத் தவறாக நம்பவைப்பது. நம் ஊர்த் தறியின் பெயரையும் நாமே அழிப்பது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது.

திருத்திய தலைப்பு இப்படி அமையும்: "ஆரணி கைத்தறித் தூய பட்டுப்புடவை, மயில்கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் கரை, ஹாஃப் ஃபைன் ஜரிகை, ரவிக்கைத் துணியுடன்". கீழே: புடவை 5.5 மீட்டர், ரவிக்கை 0.8 மீட்டர், மொத்தம் 6.3 மீட்டர், அகலம் 122 செ.மீ., புடவை எடை 650 கிராம். பெட்டியோடு சேர்ந்த எடை வேறு; அதை அதற்குரிய கட்டத்தில் போட வேண்டும்.

இவ்வளவு செய்தும் திரையில் தெரியும் நிறம் ஆளுக்காள் மாறும். அதைச் சொல்லால் திருத்த முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், பாவு எந்த நிறம், ஊடை எந்த நிறம் என்ற ஒரு வரியும் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும்.