மாத்திரையும் சிரைவழி இரும்பும்

சோகையுற்ற கர்ப்பிணிக்கு ஊசிவழியாக இரும்பு ஏற்றிவிட்டால் இரண்டொரு நாளில் இரத்தம் ஊறிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. இரும்பு எவ்வழியிற் சென்றாலும் அதனைக் கொண்டு செவ்வணுக்களை ஆக்குவது எலும்பு மச்சையே. அதற்கு வாரங்கள் வேண்டும். சிரைவழியின் நன்மை, இரைப்பையையும் குடலையும் நம்பியிராமல் இரும்பு முழுவதும் உடலிற் சேர்கிறது என்பதே.

ஆகவே முதலில் மாத்திரையே. 2018-இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின்படி, கர்ப்பிணியின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 முதல் 10.9 கிராம் வரை இருப்பின், 60 மில்லி கிராம் இரும்பு கொண்ட மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு தரப்படும். ஒரு மாதத்தில் 1 கிராமேனும் உயராவிடில் அவரை மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 28-ஆம் வாரத்தில் அவருக்கு ஹீமோகுளோபின் 7.8, ஒரு மாதம் கழித்து 8.2. உயர்வு 0.4 மட்டுமே. மாத்திரை பயனளிக்கவில்லை என முடிவு செய்யுமுன், அது உட்கொள்ளப்பட்டதா என வினவுதல் நன்று. மலம் கருநிறமாயிற்றா? தேநீருடன் விழுங்கினாரா? குமட்டலால் நிறுத்திவிட்டாரா? பெரும்பாலும் விடை இங்கேயே கிடைக்கும். எனினும் இப்பெண்ணுக்கு 32 வாரங்கள் ஆகிவிட்டமையால், மருத்துவர் சிரைவழியைத் தேர்ந்தார்.

தேவையைக் கணக்கிடும் முறை எளிது. எடையை, அடையவேண்டிய ஹீமோகுளோபினுக்கும் உள்ளதற்குமான வேறுபாட்டாலும் 2.4-ஆலும் பெருக்கி, சேமிப்புக்கென 500 கூட்டவேண்டும்:

50 × (11 − 8.2) × 2.4 + 500 = 836 மில்லி கிராம்.

இரும்பு சுக்ரோஸ் மருந்தில் ஒரு தடவைக்கு 200 மில்லி கிராம் வீதம், உப்புநீரிற் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு தடவை ஏற்றப்பட்டது. ஒவ்வாமை நேரிடக்கூடுமாதலின் அட்ரினலின் அருகில் இருத்தல் வேண்டும். ஏற்றியபின் அரைமணி நேரம் கண்காணித்தலும் அவசியம். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தோலிற் படியும் கறை நெடுங்காலம் நீங்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும், கடும் நோய்த்தொற்று உள்ளபோதும் இம்முறை தவிர்க்கப்படும்.

ஹீமோகுளோபின் 5-க்குக் கீழ் இருப்பின், அல்லது 7-க்குக் குறைந்து பிரசவமும் அண்மித்திருப்பின், இரும்பு வேலைசெய்யக் காத்திருக்க இயலாது. உடனே மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டும், இரத்தமே ஏற்றவேண்டியிருக்கலாம்.

குணமடைதலின் முதல் அறிகுறி, சுமார் ஒரு வாரத்தில் இளஞ்செவ்வணுக்கள் பெருகுதல். நான்காம் வாரத்தில் அதே கருவியால் ஹீமோகுளோபினை மீண்டும் அளத்தல் வேண்டும். கருவி மாறினால் அளவும் மாறித் தோன்றும். மருந்து ஏற்றிய சில நாட்களில் ஃபெரிட்டின் மிக உயர்ந்து காட்டும். அது சேமிப்பு நிறைந்ததற்குச் சான்றன்று. ஆதலின் அவ்வாரங்களில் அதனை அளத்தல் வீண். இப்பெண்ணுக்கு 36-ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 10.1 ஆயிற்று. இத்துணை இரும்பு சென்றபின்னும் உயராதிருந்தால், தலசீமியாக் கூறு, வைட்டமின் பி-12 குறைவு, மறைவான இரத்தப்போக்கு ஆகியவற்றைத் தேடியிருக்க வேண்டும்.