தவணைக் கூடுதல் கட்டணமும் மெய்யான வட்டி வீதமும்

கற்றல் நோக்கம்: காப்பீட்டு முனைமத்தை மாதந்தோறும் செலுத்தும்போது விதிக்கப்படும் கூடுதல் கட்டணத்தை ஆண்டு வட்டி வீதமாக மாற்றி, எம்முறையில் செலுத்துவது சிக்கனமானது என முடிவு செய்தல்.

பிரீமியம் எனப் பொதுவழக்கில் குறிக்கப்படும் காப்பீட்டு முனைமம் ஓராண்டுக்கு உரியதாகவே முதலில் கணக்கிடப்படுகிறது. அதனை ஆண்டின் தொடக்கத்தில் ஒரே முறையில் செலுத்தலாம்; அரையாண்டு, காலாண்டு, மாதம் எனப் பகுத்தும் செலுத்தலாம். பகுத்துச் செலுத்துவோரிடம் நிறுவனம் சிறிது கூடுதலாகப் பெறுகிறது. இதுவே தவணைக் கூடுதல் கட்டணம் ஆகும்.

விலைப்பட்டியலில் இக்கட்டணம் பெரும்பாலும் தனியே காட்டப்படுவதில்லை. 'மாதக் காரணி 0.0875' என்பது போன்ற ஓர் எண் மட்டும் தரப்பட்டிருக்கும். ஆண்டு முனைமத்தை அவ்வெண்ணால் பெருக்கினால் மாதத் தவணை கிடைக்கும். காரணியை 12ஆல் பெருக்கிப் பார்த்தால் மறைந்திருக்கும் கட்டணம் வெளிப்படும்: 0.0875 × 12 = 1.05. அதாவது கூடுதல் கட்டணம் 5 சதவீதம்.

சில நிறுவனங்கள் மாதத் தவணையை அடிப்படையாகக் கொண்டு, ஆண்டுக்கொருமுறை செலுத்துவோர்க்குத் தள்ளுபடி தருகின்றன. இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பல திட்டங்களில் ஆண்டுத் தவணைக்கு 2 சதவீதமும் அரையாண்டுத் தவணைக்கு 1 சதவீதமும் தள்ளுபடி உண்டு. பெயர் வேறாயினும் கணக்கு ஒன்றே.

5 சதவீதம் என்பது வட்டி வீதமா?

ஒருவரின் ஆண்டு முனைமம் ₹12,000 எனக் கொள்வோம். மாதக் காரணி 0.0875 எனில், மாதத் தவணை ₹1,050. பன்னிரண்டு தவணைகளின் கூடுதல் ₹12,600. ஆகவே கூடுதல் கட்டணம் ₹600.

"12,000 ரூபாய்க்கு ஓராண்டில் 600 ரூபாய்; எனவே வட்டி 5 சதவீதம்" என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் அம்முடிவு தவறானது. ₹12,000 முழுவதையும் ஓராண்டுக் காலம் அவர் கையில் வைத்திருந்தால்தான் அது பொருந்தும். இங்கு நிகழ்வது வேறு.

முதல் தவணையான ₹1,050 ஆண்டின் முதல் நாளிலேயே செலுத்தப்பட்டுவிடுகிறது. எனவே நிறுவனம் அவருக்குக் காலம் தாழ்த்தித் தர இசைந்த தொகை 12,000 − 1,050 = ₹10,950 மட்டுமே. இதனை ஒரு கடனாகக் கருதலாம். இக்கடன் அடுத்த 11 மாதங்களில், மாதம் ₹1,050 வீதம் அடைக்கப்படுகிறது. மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நிலுவையில் இருப்பது ஏறத்தாழ அதன் பாதியே. ₹600 என்பது அந்தக் குறைந்த தொகைக்கான வட்டி.

எடுத்துக்காட்டு 1: தோராய வீதம் காணல்

கடன் ₹10,950, ஒவ்வொரு மாதமும் சம அளவில் குறைவதாகக் கொள்வோம். முதல் மாதம் முழுத்தொகையும், இறுதி மாதம் அதில் 11இல் ஒரு பங்கும் நிலுவையில் இருக்கும். 11 மாதங்களின் நிலுவைகளைக் கூட்டினால்,

10,950 × (11 + 1) ÷ 2 = 65,700

ஒரு மாதத்திற்கு ₹65,700 கடன் பெற்றதற்கு இது சமம். அதற்கு வட்டி ₹600.

மாத வட்டி வீதம் = 600 ÷ 65,700 × 100 = 0.913 சதவீதம்
ஆண்டு வட்டி வீதம் = 0.913 × 12 = ஏறத்தாழ 10.96 சதவீதம்

எடுத்துக்காட்டு 2: வீதத்தைச் சரிபார்த்தல்

தோராய விடை சற்றே மிகுதியாக அமையும். தொடக்க மாதங்களில் செலுத்தும் தவணையில் வட்டியின் பங்கு பெரிதாகவும் அசலின் பங்கு சிறிதாகவும் இருப்பதே காரணம். எனவே 0.9 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் வட்டியைச் சேர்த்துத் தவணையைக் கழித்துப் பார்ப்போம்.

| மாதம் | தொடக்க நிலுவை (₹) | வட்டி (₹) | தவணைக்குப் பின் நிலுவை (₹) |
|---|---|---|---|
| 1 | 10,950.00 | 98.55 | 9,998.55 |
| 2 | 9,998.55 | 89.99 | 9,038.54 |
| 3 | 9,038.54 | 81.35 | 8,069.89 |
| … | … | … | … |
| 11 | 1,040.78 | 9.37 | 0.15 |

இறுதியில் எஞ்சுவது 15 காசு மட்டுமே. ஆகவே மாத வீதம் 0.9 சதவீதம் என்பது உறுதியாகிறது. இறுதி நிலுவை பெருந்தொகையாக எஞ்சினால், எடுத்துக்கொண்ட வீதம் மிகுதி என்றும், பூச்சியத்திற்குக் கீழே சென்றால் வீதம் குறைவு என்றும் அறியலாம்.

மாதத்திற்கு மாதம் வட்டி கூடுவதைக் கணக்கில் கொண்டால், ஆண்டின் பயனுறு வட்டி வீதம்:

(1.009)¹² − 1 = 0.1135, அதாவது 11.35 சதவீதம்.

5 சதவீதமாகத் தோன்றிய கட்டணத்தின் மெய்யான விலை 11.35 சதவீதம். ஊர் வழக்கில் சொன்னால், இது 'நூற்றுக்குத் தொண்ணூறு காசு வட்டி'.

யாருக்கு எது சிக்கனம்?

வீதம் தெரிந்த பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகும். மூன்று குடும்பங்களைக் கருதுவோம்.

முதற்குடும்பத்திடம் ₹12,000 சேமிப்புக் கணக்கில் உள்ளது. அதற்கு ஆண்டு வட்டி 3 சதவீதம். மாதத் தவணையைத் தேர்ந்தால் கணக்கில் எஞ்சும் தொகை 10,950, 9,900, 8,850 எனக் குறைந்து 450இல் முடியும். இவற்றின் கூடுதல் 62,700. மாதம் 0.25 சதவீத வீதத்தில் கிடைக்கும் வட்டி ஏறத்தாழ ₹157. கூடுதல் கட்டணம் ₹600 ஆதலால் நட்டம் ₹443. இவர்கள் ஆண்டுக்கொருமுறை செலுத்துவதே நன்று.

இரண்டாம் குடும்பம் ஆண்டு முனைமத்தைச் செலுத்த 9 சதவீத வட்டியில் நகைக்கடன் பெற எண்ணுகிறது. ₹10,950 கடனைப் 11 சம தவணைகளில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ ₹1,041 ஆகும். ஆண்டு முழுவதற்கும் மிச்சம் நூறு ரூபாய் அளவே. நகை மதிப்பீட்டுக் கட்டணம் அதனை விழுங்கிவிடக்கூடும். இங்கு இரு முறைகளும் ஏறத்தாழச் சமம்.

மூன்றாம் குடும்பம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் கடன் வாங்கவேண்டிய நிலையில் உள்ளது. அவ்வாறு வாங்கினால் மாதம் ஏறத்தாழ ₹1,119 அடைக்க நேரும். அதைவிட ₹1,050 மாதத் தவணை தெளிவாகச் சிக்கனமானது.

ஆகவே விதி இதுவே: கையிலுள்ள பணம் ஈட்டும் வீதம், அல்லது கடன் வாங்கும் வீதம், தவணையின் மெய்யான வீதத்தைவிடக் குறைவாயின் ஆண்டுக்கொருமுறை செலுத்துக, மிகுதியாயின் மாதந்தோறும் செலுத்துக.

கணக்கில் அடங்காதவை

ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்குரிய சலுகைக்காலம் 15 நாள்கள். பிற தவணைகளுக்கு 30 நாள்கள். மாதத் தவணை செலுத்துவோர்க்கு ஆண்டில் பன்னிரண்டு கெடு நாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அவகாசமும் குறைவு. வங்கிக் கணக்கில் போதிய தொகையின்றித் தவணை தவறி, சலுகைக்காலமும் கடந்தால் ஒப்பந்தம் காலாவதியாகலாம். அவ்விழப்பின் முன் ₹600 மிகச் சிறிது. மாத வருமானம் சீராக வருவோர்க்கு இவ்விடர் குறைவு. அறுவடைக் காலத்தில் மட்டும் பணம் காணும் உழவர்க்கு ஆண்டுத் தவணை பெரிதும் பொருந்தும்.

பயிற்சி

1. ஆண்டு முனைமம் ₹12,000. அரையாண்டுக் காரணி 0.51. முதல் தவணை போக நிலுவைத் தொகை, அதற்கான வட்டி, பயனுறு ஆண்டு வீதம் ஆகியவற்றைக் காண்க. (விடை: ₹5,880, ₹240, ஏறத்தாழ 8.33 சதவீதம்)

2. மாதத் தவணை ₹1,000. ஆண்டுக்கொருமுறை செலுத்துவோர்க்கு 2 சதவீதத் தள்ளுபடி. எடுத்துக்காட்டு 1இன் முறையில் தோராய ஆண்டு வட்டி வீதம் காண்க. (விடை: ஏறத்தாழ 4.46 சதவீதம்)

3. இரண்டாம் கணக்கின் விடையைக் கொண்டு, மேற்கண்ட மூன்று குடும்பங்களுள் எவருடைய முடிவு மாறும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.