பாடிய குரல் காதில் பிந்திக் கேட்கிறதா?

பாராடாங்கில் வீட்டிலேயே ரெக்கார்டிங் கம்ப்யூட்டர் அமைக்கிறவர்களுக்கு:

1. முதல் பணத்தை ஆடியோ இன்டர்ஃபேஸில் போடுங்கள். அதற்கென்றே வரும் ASIO டிரைவரை நிறுவுங்கள். விண்டோஸின் பொது டிரைவரில் குரல் பிந்தும்.

2. பாடும்போது பஃபரை 128 சாம்பிளாக வையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்டுதான். போக வர இரட்டிப்பானாலும் பாடுபவருக்கு உறுத்தாது. மிக்ஸிங்குக்கு 1024 போதும்; அப்போது தாமதம் பொருட்டில்லை.

3. பெரிய 140 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாகச் சுழலவிடுங்கள். சின்ன ஃபேன் அதே காற்றுக்கு வேகமாகச் சுற்றி இரையும். கேபினெட் மைக்கின் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கார்டியாய்டு மைக்குக்கு அங்கே காது மந்தம்.

4. கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள். கடல்காற்றின் ஈரம் ஏறினால் பொரியும். அதை பஃபர் கோளாறென்று நினைத்து ஒரு மாலையையே வீணடித்தேன். பஃபரை 256 ஆக்கியும் பொரிந்தால் மைக்கைச் சந்தேகியுங்கள்.