லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான்கு மாதங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு பங்குச்சந்தைப் பயிற்சிக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பேராசிரியர் ஒருவர் தினமும் எந்தப் பங்கு ஏறும் என்று சொல்வார். அவருடைய உதவியாளர் அனுப்பிய லிங்க் மூலம் ஒரு டிரேடிங் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டேன். முதலில் 20,000 ரூபாய் போட்டேன். சில நாளில் 5,000 ரூபாயை என் வங்கிக் கணக்குக்கு எடுக்கவும் முடிந்தது. அந்த நம்பிக்கையில் மேலும் போட்டேன். கடந்த வாரம், நான் விண்ணப்பித்ததைவிட அதிகமாக ஐபிஓ பங்குகள் ஒதுக்கப்பட்டுவிட்டதாகவும், மீதித் தொகையைக் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் சொன்னார்கள். நகையை அடகு வைத்து 2,50,000 ரூபாய் அனுப்பினேன். ஆக, இதுவரை போட்டது 6,40,000 ரூபாய். செயலியில் என் கணக்கில் 31,80,000 ரூபாய் காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபத்துக்கு 20 சதவீத வரியாக 5,08,000 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறார்கள். வருமான வரித்துறையின் முத்திரை வைத்த கடிதமும் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் கறுப்புப் பண வழக்கு வருமாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. கடன் வாங்கிக் கட்டிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் இதைச் சொல்லிவிட்டேன். நீங்களும் அன்று மாலையே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துவிட்டீர்கள். ஆனாலும் இதே நிலையில், இதே வரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

செயலியில் நீங்கள் பார்க்கும் 31,80,000 ரூபாய் எங்கும் இல்லை. அது திரையில் எழுதிக் காட்டிய எண். உங்கள் பெயரில் எந்தப் பங்கும் வாங்கப்படவில்லை. இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். இந்தியாவில் பங்கு வாங்கினால் அது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு காப்பகங்களில் ஒன்றில், உங்கள் பான் எண்ணோடு இணைந்த டீமேட் கணக்கில்தான் இருக்கும். அங்கிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குக் கணக்கு அறிக்கை வரும். ஒவ்வொரு நாள் வணிகத்துக்கும் தரகர் கான்ட்ராக்ட் நோட் அனுப்ப வேண்டும். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட வரவில்லை என்றீர்கள். அப்படியானால் வணிகமே நடக்கவில்லை.

ஐபிஓ கதையும் அப்படித்தான். விண்ணப்பித்ததைவிடக் குறைவாகப் பங்கு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதிகமாக ஒருபோதும் ஒதுக்க மாட்டார்கள். தவிர, ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும்போது பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கிய பிறகுதான் அதற்கான தொகை வெளியே போகும். யாரோ ஒருவருடைய கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்து ஐபிஓ வாங்கும் முறையே கிடையாது.

இனி அந்த வரிக்கு வருவோம். அவர்கள் போட்ட கணக்கு சரிதான். 31,80,000-ல் நீங்கள் போட்ட 6,40,000-ஐக் கழித்தால் 25,40,000, அதில் 20 சதவீதம் 5,08,000. ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி என்பதும் உண்மை. படித்தவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விகிதத்தைச் சரிபார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது, நம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, அந்த வரியை யார், யாரிடம் கட்டுகிறார்கள் என்பதை.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் பங்கு விற்று லாபம் பார்த்தால், அந்த வரியை அவரே தம் பான் எண்ணில் வருமான வரித்துறையின் இணையதளம் வழியாக அரசுக்குக் கட்டுவார். முன்கூட்டிய வரியாகவோ, கணக்குத் தாக்கல் செய்யும்போதோ கட்டலாம். பங்குத் தரகருக்கு அதை உங்களிடம் வசூலிக்கும் வேலை இல்லை. வரி கட்டினால்தான் உங்கள் பணத்தைத் தருவேன் என்று நிறுத்தி வைக்கும் அதிகாரமும் இல்லை. கிரிப்டோ என்று சொல்லி வலை விரிப்பவர்களும் இதே பாட்டைப் பாடுவார்கள். அங்கே 1 சதவீத டிடிஎஸ் உண்டு, ஆனால் அதை உங்களுக்கு வர வேண்டிய தொகையிலிருந்துதான் கழிப்பார்கள். உங்கள் பணத்தை எடுப்பதற்காகக் கையிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து கட்டச் சொல்லும் வரி எங்கும் இல்லை.

நீங்களே அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: "என் 31 லட்சத்திலிருந்து வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்களேன்?" அதற்கு அந்த உதவியாளர், செபி விதிப்படி லாபத்திலிருந்து வரி கழிக்கக் கூடாது என்று பதில் அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு விதி இல்லை. கழிக்க அங்கே பணம் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தையும் பார்த்தேன். சிங்க முத்திரை இருக்கிறது, நீல மையில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இல்லை. 2019 அக்டோபர் முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் அந்த எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் அதைப் போட்டு, கடிதம் உண்மையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடிதத்தின் அடியில் பணம் கட்ட ஒரு கணக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு ஜவுளி வியாபாரத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்கு. வருமான வரி ஜவுளிக் கடைக் கணக்குக்குப் போகுமா? கறுப்புப் பண வழக்கு என்ற மிரட்டலும் பொய். உங்களுக்கு லாபம் வரவில்லை, எனவே அதற்கு வரியும் இல்லை.

இதைக் கட்டினால் அதோடு முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் வரி என்று கட்டினார். பிறகு கணக்கைச் சரிபார்க்கும் வைப்புத்தொகை என்றார்கள், கட்டினார். அதன்பின் தாமதக் கட்டணம். முதலீடாகப் போனதைவிடக் கட்டணமாகப் போனது அதிகம். அவர் கையில் இனி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருடைய எண்ணைத் தடுத்தார்கள்.

இனி, போன பணம். ஏழு தவணைகளாக, ஐந்து வெவ்வேறு பெயர்களிலுள்ள கணக்குகளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இவை கமிஷனுக்காகப் பிறருக்குக் கொடுத்த வாடகைக் கணக்குகள். பணம் அங்கே தங்காது. சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம்மிலோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். 1930-க்கு உடனே அழைக்கச் சொல்வது இதனால்தான். அழைத்ததும் உங்கள் யூடிஆர் எண்ணை வைத்து, பணம் போன கணக்குகளை வங்கிகள் அடுத்தடுத்துத் தேடி, மிச்சமிருப்பதைப் பிடித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு முன் போன தவணைகளில் எதுவும் மிஞ்சவில்லை. கடைசி 2,50,000-ல் 1,12,000 ரூபாய் இரண்டாவது கணக்கில் நிறுத்தப்பட்டிருப்பதாக உங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. நீங்கள் இன்னும் நான்கு நாள் யோசித்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

அந்தத் தொகை தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். 1930-ல் கிடைத்த எண் புகாருக்கான ஒப்புகை மட்டுமே, அது எஃப்ஐஆர் ஆகாது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எஃப்ஐஆர் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி இது ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை தரக்கூடிய மோசடி. ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் பொருந்தும். பதிவு செய்ய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்ஐஆர் ஆனபின், அதே சட்டத்தின் 503-வது பிரிவின்கீழ், நிறுத்தி வைத்த 1,12,000 ரூபாயை உங்களிடம் ஒப்படைக்கக் கோரி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட், யூடிஆர் எண்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அதற்குத் தேவை. கோபத்தில் செயலியையும் குழுவையும் அழித்துவிடாதீர்கள். திரையைப் படமெடுத்து, உரையாடலை ஏற்றுமதி செய்து, மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

உங்கள் வங்கி இழப்பை ஈடுகட்டுமா என்று போனில் கேட்டீர்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த பாதுகாப்பு, உங்களுக்குத் தெரியாமல் பிறர் எடுத்த பணத்துக்கானது. இங்கே நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் அந்த வழியில் நம்பிக்கை வைக்க வேண்டாம். செபியின் புகார்த் தளமும் பதிவு பெற்ற நிறுவனங்கள் மீதான குறைகளுக்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் உங்களுக்கு வந்த அந்த 5,000 ரூபாய், உங்களைப்போல் ஏமாந்த இன்னொருவர் போட்ட பணமாக இருக்கலாம். அவர் புகார் செய்திருந்தால், பணம் போன தடத்தில் உங்கள் கணக்கும் இருக்கும். ஒருநாள் காலையில் உங்கள் ஓய்வூதியக் கணக்கில் லீன் விழலாம். பயப்பட வேண்டாம். எந்த மாநிலக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் புகார் நகலை இணைத்து அந்த நிலையத்துக்கு விளக்கம் அனுப்புங்கள். சிறு தொகைக்காக முழுக் கணக்கையும் முடக்கினால் அதை எதிர்க்கலாம். எவ்வளவு தொகை என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது.

பங்குச்சந்தையில் இனியும் முதலீடு செய்ய விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற தரகர்களுக்குத் தனி யுபிஐ முகவரி இருக்கிறது. அதில் .brk என்ற எழுத்துகளும், @valid என்று தொடங்கும் வங்கிப் பெயரும் இருக்கும். வங்கிக் கணக்குக்கே அனுப்புவதானாலும் செபியின் 'SEBI Check' வசதியில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

அம்மா, இன்னும் சில வாரங்களில் உங்களுக்கு வேறொரு அழைப்பு வரக்கூடும். சைபர் அதிகாரி என்றோ, வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு, நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, கட்டணம் செலுத்தினால் மீட்டுத் தருவதாகப் பேசுவார்கள். உங்கள் விவரங்கள் அந்தக் கும்பலிடம்தானே இருக்கின்றன. போனை வைத்துவிட்டு, அந்த எண்ணையும் சைபர் கிரைம் நிலையத்தில் கொடுங்கள். அதற்கு முன், இன்று இரவே உங்கள் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்துக்கு உங்களோடு வர ஒருவர் வேண்டும்.